நிரப்பிக் காட்டிய நாலு வரி

தருமபுரி அரசு பட்டுக்கூடு ஏல அங்காடியின் நிலவரம் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும். இத்தனை விவசாயிகள் இத்தனை கிலோ கூடு கொண்டுவந்தார்கள், கிலோ அதிகபட்சம் இவ்வளவுக்குப் போனது, குறைந்தபட்சம் இவ்வளவு, சராசரி இவ்வளவு என்று மூன்று விலைகளோடு செய்தி முடிந்துவிடும். முதல் இரண்டு விலைகளில் குழப்பத்துக்கு இடமில்லை. மூன்றாவதை இரண்டு விதமாகப் போடலாம். ஏலம் போன குவியல்களின் கிலோ விலைகளையெல்லாம் கூட்டி, குவியல்களின் எண்ணிக்கையால் வகுப்பது ஒரு கணக்கு. மொத்தம் கைமாறிய பணத்தை மொத்த எடையால் வகுப்பது இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் பெயர் சராசரிதான். பத்துக் கிலோ குவியலும் நூறு கிலோ குவியலும் ஒரே விலைக்குப் போவது அபூர்வம் என்பதால் இரண்டு கணக்குக்கும் விடை பெரும்பாலும் வேறுபடும்.

செய்தியாகப் படிக்கும்போது இது ஒரு சின்ன விஷயம். ஒருவர் இன்னொருவரிடம் இதையே ஒரு வேலையாகச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பட்டு வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவை நினைத்துக்கொள்வோம். அதன் பொறுப்பாளர், கணினியில் கணக்குப் போடும் பையனிடம் சொல்கிறார்: "தம்பி, போன மாசம் நம்ம ஆளுங்க வித்த கூட்டுக்கு ஆள்வாரியா சராசரி விலை போட்டுக் குடுத்துடு." சொன்னவருக்கு இதில் தெளிவில்லாதது எதுவுமில்லை. கேட்டவனும் "சரிங்கண்ணா" என்று உட்கார்ந்துவிடுவான். மாலையில் தாளைப் பார்த்துவிட்டு "நான் கேட்டது இது இல்லப்பா" என்பார் அண்ணன்.

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். சராசரி எந்தச் சராசரி என்பதற்கு இரண்டு விடைகள். அந்த மாதம் கூடே விற்காத உறுப்பினரை விட்டுவிடுவதா, பெயரைப் போட்டு வெற்றிடமாக வைப்பதா, சுழியம் போடுவதா என்பதற்கு மூன்று. ஏலத்தில் கேட்ட விலையா, பிடித்தம் போகக் கைக்கு வந்ததா என்பதற்கு இரண்டு. கறைபட்டது, நசுங்கியது என்று தனியாகப் பொறுக்கி அடிமாட்டு விலைக்குப் போன கழிவுக் கூட்டைச் சேர்ப்பதா கூடாதா என்பதற்கு இரண்டு. பெருக்கினால் 24 வருகிறது. ஒரே வாக்கியத்துக்கு 24 வேறு வேறு தாள்கள் போட முடியும். எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. பையன் கெட்டிக்காரனாக இருந்தாலும் 24இல் ஒன்றைக் குருட்டாம்போக்கில்தான் எடுக்க வேண்டும்.

இப்போது அண்ணன் வாயால் விளக்காமல், ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை. முதலில் கையில் இருக்கும் பதிவு:

| உறுப்பினர் | தரம் | கிலோ | கிலோ விலை (ரூ.) |
|---|---|---|---|
| அ | நல்ல கூடு | 60 | 500 |
| அ | நல்ல கூடு | 20 | 400 |
| அ | கழிவு | 5 | 100 |
| ஆ | நல்ல கூடு | 40 | 450 |

குழுவில் இ என்று மூன்றாவது உறுப்பினரும் உண்டு. அவர் அந்த மாதம் விற்கவில்லை. இந்தப் பதிவிலிருந்து வரவேண்டியது இது:

| உறுப்பினர் | கிலோ | சராசரி விலை (ரூ.) |
|---|---|---|
| அ | 80 | 475.00 |
| ஆ | 40 | 450.00 |
| இ | – | – |
| மொத்தம் | 120 | 466.67 |

அ என்பவரின் வரியில் உள்ள 475 என்ற ஒற்றை எண் எவ்வளவு பேசுகிறது என்று பாருங்கள். 500-ஐயும் 400-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் 450 வந்திருக்கும். 60 கிலோவுக்கு 30,000, 20 கிலோவுக்கு 8,000, ஆக 38,000 ரூபாயை 80 கிலோவால் வகுத்தால்தான் 475 வரும். ஆகவே எடையைச் சேர்த்துப் போட்ட சராசரிதான் வேண்டும். கழிவையும் சேர்த்திருந்தால் 38,500-ஐ 85-ஆல் வகுத்து 452.94 வந்திருக்கும், வரவில்லை, எனவே கழிவு வேண்டாம். பிடித்தம் எதுவும் கழியாமல் கணக்கு முழுசாக நேர்ப்படுவதால் இது ஏல விலை. மூன்று கேள்விகளுக்கு அந்த ஓர் எண் பதில் சொல்லிவிட்டது. நான்காவதற்கு இ என்பவரின் இரண்டு கோடுகள் பதில்.

கடைசி வரி இன்னொரு கேள்வியையும் தீர்க்கிறது, அண்ணனும் தம்பியும் அதைக் கேள்வியாகக்கூட நினைத்திருக்கமாட்டார்கள். குழு முழுவதற்குமான சராசரியை எப்படிப் போடுவது? உறுப்பினர்களின் சராசரிகளான 475-க்கும் 450-க்கும் சராசரி எடுத்தால் 462.50. மூன்று நல்ல குவியல்களின் விலைகளுக்குச் சராசரி எடுத்தால் 450. இ-யைச் சுழியமாக எண்ணி மூன்றால் வகுத்துவிட்டால் 308.33 என்று யாருமே விற்காத ஒரு விலை வந்து நிற்கும். 466.67 என்று எழுதிக் காட்டியதும் இவையெல்லாம் விலகி, 56,000 ரூபாயை 120 கிலோவால் வகுத்த கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. எக்செல் தெரிந்தவருக்கு, அ-வின் நல்ல கூடு இரண்டாம், மூன்றாம் வரிசைகளில், எடை C பத்தியிலும் விலை D பத்தியிலும் இருப்பதாகக் கொண்டால், 450-க்கும் 475-க்கும் இடையே உள்ள வேறுபாடு இது:

```
=AVERAGE(D2:D3)
=SUMPRODUCT(C2:C3,D2:D3)/SUM(C2:C3)
```

இதையே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்லலாம்தான். "எடைக்கேற்ற சராசரி, கழிவு நீங்கலாக, பிடித்தத்துக்கு முந்தைய ஏல விலையில், விற்காதவர் பெயரை வெற்றிடமாகக் காட்டி, மொத்தச் சராசரியை மொத்த மதிப்பிலிருந்து கணக்கிட்டு" என்று எழுதினால் முடிந்தது. ஆனால் இந்த வாக்கியத்தை எழுதக்கூடியவர், அதிலுள்ள ஐந்து கேள்விகளும் கேள்விகள் என்பதை ஏற்கெனவே அறிந்தவர். தெளிவில்லாத கோரிக்கை வருவதே அது தெரியாதவரிடமிருந்துதான். அண்ணனுக்கு எடைக்கேற்ற சராசரி என்ற பெயர் தெரியாது. மொத்தம் எவ்வளவு பணம் வந்தது, எத்தனை கிலோ போனது என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டால் 475 வருகிறது என்பது மட்டும் தெரியும். நிரப்பிக் காட்டும் மாதிரியில் அந்தத் தெரிதல் பெயர் இல்லாமலே உள்ளே போய்விடுகிறது.

இதைவிட முக்கியமான இன்னொன்று, மாதிரியைக் கையால் நிரப்பும்போது நடப்பது. இ-யின் வரிக்கு வந்ததும் அண்ணனின் பேனா நிற்கும். என்ன எழுதுவது? அதுவரை அவர் இ-யைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டார். வாக்கியம் எழுதுகிறவன் தான் முடிவு செய்யாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. வாக்கியத்துக்குக் கட்டங்கள் கிடையாது. அட்டவணையில் காலியாகக் கிடக்கும் கட்டம் கண்ணை உறுத்தும். மாதிரி கேட்பவர்கள் பலர் அது தங்களுக்குப் புரிவதற்காக என்றுதான் சொல்வார்கள். என் பார்வையில் அதன் பாதிப் பயன், கேட்டவரின் மனதிலேயே இன்னும் முடிவாகாதது எது என்று அவருக்குக் காட்டுவதில் இருக்கிறது.

சொற்களில் ஒரு பிழையும் இல்லாமல், இரண்டு பேருக்கும் ஒரே பொருளைத் தந்துவிட்டதாகத் தோன்றியும், கோரிக்கை கவிழ்ந்துபோகும் இடம் ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. "தருமபுரி மாவட்ட மக்கள்தொகை, 2001லும் 2011லும்" என்று கேட்டால் இதில் தெளிவில்லாத சொல் எது? மாவட்டத்தின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, வேண்டியது என்ன என்பதும் இருக்கிறது. 2001 கணக்கெடுப்பு நடந்தபோது தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300. 2011இல் 15,06,843. இரண்டும் அரசின் எண்கள், இரண்டும் சரி. அருகருகே வைத்தால் பத்தே ஆண்டில் பாதிக்குப் பாதி சனம் காணாமல் போயிருக்கிறது.

நடந்தது என்னவென்றால், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான பழைய தருமபுரி வேறு, இன்றைய தருமபுரி வேறு. இன்றைய எல்லைக்குள் வரும் ஊர்களுக்கு மட்டும் 2001இல் இருந்த மக்கள்தொகை 12,95,182; கிருஷ்ணகிரியின் பங்கு 15,61,118; இரண்டையும் கூட்டினால் பழைய 28,56,300 சரியாக வரும். இன்றைய எல்லைக்குள் பார்த்தால் பத்தாண்டு வளர்ச்சி 16.34 விழுக்காடு. கேட்டவர் மாதிரியாக ஒரே ஒரு கட்டத்தை நிரப்பி, 2001க்கு எதிரே 12,95,182 என்று எழுதியிருந்தால், எந்தத் தருமபுரி என்று அவர் விளக்கவே வேண்டியதில்லை. எல்லை மாறிய விவரம் அவருக்கே தெரியாமல், எங்கோ பார்த்த எண்ணை எடுத்து வைத்திருந்தாலும்கூட, நிரப்புகிறவர் தன்னிடமுள்ள 28 லட்சத்தோடு அது ஒத்துவராததைக் கண்டு நின்றுவிடுவார். அப்படி முட்டி நிற்பதே மாதிரியால் கிடைக்கும் லாபம். வாக்கியம் மட்டும் இருந்திருந்தால் முட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது. அட்டவணை ஓடி முடிந்து, யாரோ ஒருவர் மேடையில் மக்கள்தொகைச் சரிவுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வட்டவாரியாகக் கேட்டாலும் இதே கதைதான். இன்று மாவட்டத்தில் ஏழு வட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் ஐந்துதான். காரிமங்கலமும் நல்லம்பள்ளியும் பிற்பாடு வந்தவை. "வட்டவாரியாக" என்ற சொல் ஐந்தா ஏழா என்று சொல்லாது. இடதுபக்கப் பத்தியில் வட்டங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் கேள்வியே எழாது.

இவ்வளவு சொன்ன பிறகு, மாதிரி எப்போது ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா மாதிரியும் மேலே காட்டியதுபோல் பேசாது. முதல் அட்டவணையின் ஆ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே குவியல், 40 கிலோ, 450 ரூபாய். எந்தச் சராசரி போட்டாலும் 450தான். அண்ணன் ஆ-வின் வரியை மட்டும் மாதிரியாகக் கொடுத்திருந்தால், பார்க்க மாதிரி மாதிரியே இருக்கும், ஆனால் 24 தாள்களில் பாதி அப்படியே நிற்கும். அ-வின் இரண்டு நல்ல குவியல்களும் தலா 40 கிலோவாக இருந்திருந்தாலும் அதே கதி: எடை சமமானால் இரண்டு சராசரியும் ஒன்றாகிவிடும். அதனால் மாதிரிக்கு வரி பொறுக்கும்போது நல்லபடியாக, ஒழுங்காக இருப்பதைப் பொறுக்கக் கூடாது. எந்தெந்த அர்த்தங்கள் சாத்தியமோ அவை ஒவ்வொன்றும் வேறு வேறு விடை தரும் வரியைப் பொறுக்க வேண்டும். மனிதர்கள் செய்வது இதற்கு நேரெதிர்: சுத்தமான, சிக்கலில்லாத, முழுசாக நிரம்பிய நாலு வரியை மேலிருந்து வெட்டி அனுப்புவார்கள். சிக்கல் முழுக்க ஐந்தாவது வரியில் இருக்கும்.

மேலே நான் காட்டிய மாதிரியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. "போன மாசம்" என்றால் ஏலம் நடந்த தேதியைப் பார்ப்பதா, பணம் கணக்கில் ஏறிய தேதியைப் பார்ப்பதா? என் பதிவில் தேதிப் பத்தியே இல்லை. 31ஆம் தேதி விற்று அடுத்த மாதம் பணம் வந்த ஒரு குவியலைச் சேர்த்திருந்தால்தான் அதற்கு விடை கிடைத்திருக்கும். சேர்க்காதவரை, மாதிரி தெளிவாக இருப்பதுபோல் தோன்றுவதே ஆபத்து. கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணமே தம்பிக்கு வராது.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இந்த ஆபத்தை அப்பட்டமாகக் காட்டியது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை என்று சொல்லிவிட்டு, அந்த விதி என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பங்கேற்பவர் தாங்களாக மூன்று மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம்; விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று பதில் வரும். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்றோ இரட்டை எண்கள் என்றோ முதலிலேயே முடிவு செய்துகொண்டு 8, 10, 12 போன்று அதற்குப் பொருந்துவதையே சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஆம் என்ற பதிலைக் கேட்டுத் தவறான விதியை உறுதியாக அறிவித்தார்கள். வேசன் மனதில் வைத்திருந்தது, ஏறுவரிசையில் வரும் எந்த மூன்று எண்களும் என்பதுதான். 1, 7, 50 என்று தன் ஊகத்தை உடைக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். 2, 4, 6 என்பது ஒரு மோசமான மாதிரி, வேசன் வேண்டுமென்றே தேர்ந்த மோசமான மாதிரி. நாம் அனுப்பும் மாதிரிகள் பல, வேண்டாமலே அப்படி அமைந்துவிடுகின்றன.

மாதிரி குறைவாகச் சொல்வது ஒரு கோளாறு என்றால், அதிகமாகச் சொல்வது இன்னொன்று. தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது யாரும் அளவுகளை எழுதிக்கொண்டு போவதில்லை, அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டுபோய் வைப்பார்கள். தோள், கைக்குழி, கழுத்து இறக்கம், கையின் சுற்றளவு எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதை உடுத்துகிறவருக்கே அந்த எண்கள் தெரியாது. ஆனால் நல்ல தையல்காரர் அதை அப்படியே விரித்து அளந்துவிடமாட்டார். "இது இப்ப சரியா இருக்காம்மா, எங்கயாச்சும் பிடிக்குதா?" என்று கேட்பார். துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு தையலைப் பிரித்துவிட்டிருப்பார்கள், பின்கழுத்து எப்போதுமே பிடிக்காமல் இருந்திருக்கும். அளவு ரவிக்கையில் இருப்பதெல்லாம் வேண்டியது அல்ல. "இதே மாதிரி, கை மட்டும் ஒரு இஞ்ச் நீளம்" என்ற ஒரு வரிதான் மாதிரியில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துக் கொடுக்கிறது.

மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1978இல் வந்த தம் நூலில் இதைக் கேலியாகச் சொல்லியிருக்கிறார். ஓர் அம்மாள் துணிக்கடையின் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி, தன் சோபாவுக்கு ஒரு துணியைத் தேர்ந்தெடுத்து, மாதிரியில் உள்ளபடியே அச்சு அசலாக வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போகிறாள். வந்த கட்டைப் பிரித்தால், ஓரம் பல்பல்லாக வெட்டிய, இரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கீழே விழுகின்றன. மாதிரியில் இருந்தபடியே! நிறமும் நெசவும் மாதிரியானவை, அளவும் ஓரமும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும் என்று அவள் நினைத்தாள். துணிக்கடையில் அது எல்லோருக்கும் தெரியும்தான், நீண்ட பழக்கத்தால். அட்டவணையில் அந்தப் பழக்கம் இல்லை. மாதிரியில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. வரிசை வேண்டியதா, தற்செயலா? விலைக்கு இரண்டு பைசா இலக்கம் போட்டிருக்கிறது, வேண்டியதா? நான்கு வரிகள் இருப்பது மாதிரிக்காக என்று புரியும், ஆனால் மூன்று பத்திகள் இருப்பது? தற்செயலானவற்றை ஒரு வரியில் விலக்கிச் சொல்லிவிட்டால் போதும்.

கணினிக்கு வேலை சொல்வதிலும் மாதிரியே சொல்லாக முடியுமா என்று பலர் முயன்றிருக்கிறார்கள். 1970களின் நடுவில் ஐபிஎம் ஆய்வகத்தில் மோஷே ஸ்லூஃப் உருவாக்கிய முறையில், தரவுத்தளத்திடம் கட்டளை எழுத வேண்டியதில்லை. வெற்று அட்டவணை ஒன்று திரையில் வரும், அதில் எப்படிப்பட்ட வரி வேண்டும் என்று எடுத்துக்காட்டாக நிரப்பிக் காட்டினால் அது போன்ற வரிகளைத் தேடித் தரும். சுமித் குல்வானியின் 2011ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டி எக்செல் 2013இல் வந்த Flash Fill இன்னும் நேரடியானது. பக்கத்துப் பத்தியில் ஒன்றிரண்டு வரிகளுக்கு விடையை நாமே எழுதி `Ctrl+E` அழுத்தினால், மற்ற வரிகளுக்கான விதியை அது ஊகித்து நிரப்பும்.

அதை நம் ஊர் முகவரிகளில் ஓட்டிப் பார்த்தால் மாதிரியின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரியும். முதல் வரி "மாரண்டஅள்ளி, பாலக்கோடு வட்டம்". பக்கத்தில் நாம் "பாலக்கோடு" என்று எழுதுகிறோம். காற்புள்ளிக்குப் பின்னால் வரும் சொல்லை எடுப்பது என்ற விதி இதற்குப் பொருந்தும். கடைசிக்கு முந்தைய சொல்லை எடுப்பது என்பதும் பொருந்தும். இரண்டாவது சொல் என்பதும் பொருந்தும். அடுத்த வரி வெறுமே "காரிமங்கலம்" என்று, ஊரும் வட்டமும் ஒன்றாக, காற்புள்ளியே இல்லாமல் இருந்தால் மூன்று விதிகளுமே கைவிரித்துவிடும். அந்த வரியையும் நிரப்பிக் காட்டினால்தான் ஊகம் சரியான திசையில் போக ஒரு வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஊரை மாரண்டஅள்ளி என்று ஒருவர் எழுதுவார், மாரண்டஹள்ளி என்று இன்னொருவர் எழுதுவார். மாவட்டத்தின் பெயரே தருமபுரி, தர்மபுரி என்று இரண்டு விதமாகப் புழங்குகிறது. ஊர்வாரியாகக் கூட்டும்போது இவை இரண்டு ஊர்களாக நின்றுவிடும். பதிவிலிருந்து இரண்டு எழுத்துமுறையும் வரும் இரண்டு வரிகளைப் பொறுக்கி, விடையில் அவற்றை ஒரே வரியாக்கிக் காட்டினால் Flash Fill-க்குப் புரியாது, ஆனால் மனிதருக்கு உடனே புரியும். மாதிரியைப் பார்த்து எதற்காக இப்படி என்று யோசிப்பது அவர்தான்.

இதில் கைப்பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. விடை மாதிரியை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான். எதிலிருந்து அது வந்தது என்ற பதிவும் கூடவே வேண்டும், இல்லாவிட்டால் 475 எப்படி வந்தது என்று யாராலும் சரிபார்க்க முடியாது. விடையைக் கையால் போட வேண்டும், தப்பாக ஓடும் கணக்குத்தாளிலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. படம் பிடித்து அனுப்பிய அட்டவணையிலிருந்து எண்களை எடுக்கும்போது பிழை நேரலாம், தட்டச்சு செய்ததாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் இருக்கும் பத்திகளை வெட்டிவிட வேண்டும். உண்மையான விவசாயியின் பெயர் மாதிரிக்குத் தேவையே இல்லை, அ, ஆ, இ போதும்.

கேட்பவர் மாதிரி கொடுக்காவிட்டால் செய்பவர் கொடுக்கலாம். திருப்பூரில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலைகள் ஆர்டர் கிடைத்ததும் முழுத் துணியையும் வெட்டிவிடுவதில்லை. கேட்ட நிறத்துக்குச் சின்னத் துண்டுகளில் சாயம் ஏற்றி, மாதிரி உடுப்பு ஒன்றிரண்டு தைத்து வாங்குபவருக்கு அனுப்பி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் வெட்டும் மேசைக்குப் போகும். வாங்குபவர் பக்கம் பக்கமாக அளவு அட்டவணை கொடுத்திருந்தாலும் இது நடக்கும். கணக்குப் போடும் தம்பியும் இதைச் செய்யலாம்: அ-வின் வரியை மட்டும் எடுத்து, 450 ஒன்று, 475 ஒன்று என இரண்டு விதமாகப் போட்டுக் காட்டி "எதுங்கண்ணா?" என்று கேட்டால், எடைக்கேற்ற சராசரி என்றால் என்ன என்று பாடம் நடத்தாமலே பதில் வந்துவிடும்.

மாதிரியால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு: இது எதற்கு என்பது. தருமபுரியின் மக்கள்தொகை அட்டவணையை மறுபடி எடுத்துக்கொள்வோம். கேட்டவர் 2001க்கு 12,95,182, 2011க்கு 15,06,843 என்று இரண்டு கட்டங்களையும் சரியாக நிரப்பிக் கொடுத்துவிட்டார், வட்டங்களையும் எழுதிவிட்டார். நிரப்புகிறவர் அச்சுப் பிசகாமல் முடித்துக் கொடுக்கிறார். ஆனால் கேட்டவருக்கு அந்த எண் ஒரு வட்டத்தில் குடிநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று முடிவு செய்வதற்கு என்றால், 2011இன் எண் அவருக்குப் போதாது. இன்று இருப்பவர்களையும் தொட்டி நிற்கப்போகும் ஆண்டுகளில் இருக்கப்போகிறவர்களையும் மதிப்பிட்ட எண் வேண்டும், அதற்குக் கணக்கே வேறு. இதை எந்தக் கட்டத்தை நிரப்பியும் காட்ட முடியாது. "தண்ணித் தொட்டிக்காகக் கேக்கறோம்" என்று மாதிரிக்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தால், நிரப்ப உட்காருவதற்கு முன்பே அவர் போனை எடுத்திருப்பார்.